புதுப்பிப்பு: பெயர்ப் பிழை திருத்தக் கடிதம்

முன்பு கேட்டது: “சேர்க்கைப் பதிவேட்டில் சில பிள்ளைகளின் பெயர் தப்பா இருக்கு. திருத்த ஒப்புதல் கேட்டு ஹெச்.எம்.முக்கு எப்படி எழுதணும்?”

கடிதம் கொடுத்தாயிற்று. 11 பெயரில் 9க்கு ஒப்புதல்.

அந்தக் கேள்விக்குப் பதில் தந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஐயா சொன்னபடி, “பல பெயர்கள் பிழை” என்று பொதுவாக எழுதாமல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி:

“சேர்க்கை எண், வகுப்பு. பதிவேட்டில்: நம்பிராஜன். பிறப்புச் சான்றிதழில்: நம்புராஜன். எழுத்துப்பிழை எனக் கருதித் திருத்த ஒப்புதல் வேண்டுகிறேன். சான்று நகலும் பெற்றோர் விண்ணப்பமும் இணைப்பு.”

ராமேஸ்வரம் பக்கம் நம்புநாயகி அம்மன் பெயரால் ‘நம்பு’ என வைப்பது வழக்கம். வெளியூர்க்காரர் அதை ‘நம்பி’ என்று “திருத்தி”விடுகிறார். களஞ்சியம் ‘கலஞ்சியம்’ ஆனதும் இப்படித்தான். ஆகவே, காதுக்குச் சரியாகப் படுவதை நம்பாமல் சான்றைப் பார்த்தே எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அரசிதழ் வேண்டும் என்றார் ஒரு தம்பி. பெயரையே மாற்றினால் அவர் சொல்வது சரி, இது எழுத்துப்பிழை.

ஒப்புதலுக்குப் பிறகு வெள்ளை மை பூசவில்லை. பழையது தெரியும்படி ஒரே கோடு, மேலே சிவப்பு மையில் சரியான பெயர், ஹெச்.எம். சுருக்கொப்பம், தேதி. அதன் பிறகுதான் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் மாற்றினேன்.

மீதி 2 பெயர்களில் பிறப்புச் சான்றிதழே தப்பு. முதலில் அதைத் திருத்தி வரச் சொல்லிவிட்டார் ஹெச்.எம். ஒருவன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் திருத்திய சான்றிதழ் கிடைக்குமா தெரியவில்லை.