மூலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்ட பிறகு ரத்தம்: எந்த அளவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள்?

கரூர் மருமகள்:
என் மாமனாருக்கு மூலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒரு வாரம் தாண்டிவிட்டது, வலி இல்லை, எல்லாம் ஆறிவிட்டது என்று இருந்தபோதுதான் ஒரு ராத்திரி டாய்லெட்டுக்குப் போனவர் என் கணவரைக் கூப்பிட்டார். மலமே இல்லை, வெறும் ரத்தம். "தண்ணியில கலந்ததால அதிகமாத் தெரியுதுப்பா" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் படுத்தார். அரை மணி நேரத்துக்குள் மறுபடி வருவது போல இருக்கிறது என்று போனார், இந்த முறை ஈரல் துண்டு மாதிரி கட்டி கட்டியாக வந்தது. அந்தக் கட்டியைப் பார்த்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம். வழியிலேயே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அங்கே டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, பேண்ட் கழன்ற இடத்தில் ஒரு தையல் போட்டார். நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

பாலு சித்தப்பா:
மூலம்னா ரத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீங்க. துணியில் ஐஸ் சுற்றி வைத்து, குப்புறப் படுத்தால் நின்றுவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் நின்றது. இன்னும் நிற்கவில்லை என்றால் பஞ்சைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

நைட் டூட்டி நர்ஸ்:
சித்தப்பா, ஐஸ், படுப்பது இரண்டும் சரி. பஞ்சு மட்டும் வேண்டாம். வெளியே தெரிகிற மூலமோ தோல் கிழிசலோ என்றால் சுத்தமான துணியை மடித்து ஆசனவாயில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தமும் பிய்ந்துவிடும். ஆனால் பேண்ட் போடுவது உள்மூலத்துக்கு. அந்தப் புண்ணுக்கு வெளியிலிருந்து அழுத்தம் போய்ச் சேராது. பஞ்சு வைத்தால் வெளியே வருவதுதான் தெரியாமல் போகும், உள்ளே தேங்கிக்கொண்டே இருக்கும்.

கரூர் அக்கா சொன்ன "மறுபடி வருவது போல" என்பதைக் கவனியுங்கள். மலக்குடலில் ரத்தம் தேங்கினாலும் மலம் வருகிற உணர்வுதான் வரும். அதற்காக இந்தியன் டாய்லெட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கினால் ரத்தக்கசிவு கூடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை சுற்றினால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை மட்டும் உயர்த்துங்கள். டாய்லெட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், கதவைத் தாழ் போட விடாதீர்கள், அங்கே மயங்கி விழுந்து மண்டை உடைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளவு என்று கேட்டால், மலத்தோடு நாலு சொட்டு, துடைக்கும்போது துணியில் கறை என்றால் பேண்ட் போட்டவரிடம் காலையில் காட்டலாம். மலமில்லாமல் ரத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வருவது, கட்டி, பேட் நனைந்துபோவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குளிர்ந்த வேர்வை, படபடப்பு, இதில் ஒன்று இருந்தாலும் 108 தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நான் இன்னும் சீக்கிரமே வரச் சொல்வேன். மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள், வழியில் காபி, டிபன் கொடுக்காதீர்கள்.

வெயில்குமார்:
எனக்கும் இதே பிரச்சினை! மலம் போகும்போது கண்ணாடி குத்துவது மாதிரி வலி, பேப்பரில் ரத்தக் கோடு. எந்த பேண்ட் நல்லது?

நைட் டூட்டி நர்ஸ்:
தம்பி, அந்த வலியைக் கேட்டால் ஆசனவாய் வெடிப்பு போலத் தெரிகிறது. அதற்கு பேண்ட் போட மாட்டார்கள். ஒருமுறை நேரில் காட்டுங்கள்.

கரூர் மருமகள்:
இன்னொன்று. போனதும் எடுத்த ஹீமோகுளோபின் 11.8. "நார்மல் பக்கத்துலதான இருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்று மாமனார் ஒரே பிடிவாதம். காலையில் 9.4.

நைட் டூட்டி நர்ஸ்:
ரத்தம் போன உடனே அந்த எண் இறங்காது. மிச்சமிருக்கிற ரத்தம் நீர்த்த பிறகுதான் இறக்கம் தெரியும். அதனால்தான் நாங்கள் முதலில் நாடித்துடிப்பையும் பிரஷரையும் பார்க்கிறோம்.

பாலு சித்தப்பா:
சரிம்மா, பஞ்சு விஷயம் இனிமேல் சொல்லவில்லை. ஆனால் என் மச்சானுக்குக் கறுப்பாகப் போனது, அதையும் மூலம் என்றுதான் நினைத்தார்கள்.

நைட் டூட்டி நர்ஸ்:
இரும்புச்சத்து மாத்திரையிலும் கறுக்கும். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பும் தனி நாற்றமும் இருந்தால் வயிற்றுப் பக்கம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே போக வேண்டும்.

கரூர் மருமகள்:
குளோபிடோக்ரெலை நிறுத்தவா வேண்டாமா என்பதில் எங்களுக்கு இன்னும் குழப்பம்தான். மூல டாக்டர் சில நாள் நிறுத்தலாம் என்கிறார், இதய டாக்டர் ஒரு நாள்கூட விடக்கூடாது என்கிறார்.

நைட் டூட்டி நர்ஸ்:
நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைச் சொல்லி, இரண்டு டாக்டரையும் போனில் பேச வையுங்கள்.