காந்தி நகர்ல ராகி மாவு வாங்குற வீடு எத்தனை?

வணக்கம்ங்க. காட்பாடி காந்தி நகர்ல ராகி தோசை மாவு பாக்கெட் போடலாம்னு இருக்கேன். சில தெருக்கள்ல கரண்ட் மீட்டரை எண்ணினா 1,200. மோட்டார் மீட்டர், பூட்டின வீடு கழிச்சா சுமார் 1,000. விசாரிச்ச 50 வீட்டுல கடை மாவு வாங்குறது 15. ராகி மாவு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்குறது 5தான். அப்போ மொத்தம் 100 வீடு. “வந்தா பாக்கலாம்”னு சொன்னவங்களைச் சேர்க்கல, அது மரியாதைக்குச் சொல்றது.

குழப்பம் விஐடி பசங்க ரூம்லதான். ஒரே மீட்டர், நாலு பேர், பல ரூம்ல அடுப்பே இல்ல. செமஸ்டர் லீவுல காலி வேற. அவங்களை எப்படிக் கணக்கு வைக்கிறது? அங்க பால், தண்ணி கேன் போடுறவங்க யாராவது இருந்தா, சமைக்கிற ரூம் பத்துக்கு எத்தனை இருக்கும்னு சொல்லுங்களேன்.