நாய் அலர்ஜி: பூடில் வாங்கியும் மகளுக்கு இளைப்பு, சேலத்துக்காரர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம், நாங்கள் அஸ்தம்பட்டி. முடி கொட்டாத இனம், அலர்ஜியே வராது என்று விற்றவர் சொன்னதை நம்பி எட்டு மாதம் முன்பு ஆண் பூடில் குட்டி வாங்கினோம், இப்போது பத்து வயது மகளுக்கு ராத்திரியானால் தும்மலும் இளைப்பும். ஏற்காட்டில் பாட்டி வீட்டில் பத்து நாள் இருந்தபோது நன்றாகத் தூங்கினாள், திரும்பிய இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, காரணம் முடி இல்லை, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம், அது எந்த இனத்திலும் உண்டு.

நாயை அவள் அறைக்குள் விடுவதில்லை. படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்கிறோம், தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கிறோம். நாயைக் குளிப்பாட்டினால் இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். கொஞ்ச நாள் வேறு வீட்டில் விட்டுப் பார்க்கலாம் என்றால், நாய் போனாலும் அந்தப் புரதம் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்குமாம்.

கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட்டில் சுரப்பது. அது மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கருத்தடை செய்து பார்க்கலாம். அதைத் தனியாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை சேலத்தில் எங்கே எடுக்கிறார்கள்? எடுத்தவர்கள் செலவையும் சொல்லுங்கள். நாயைக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அவள் அதை விட்டுச் சாப்பிடக்கூட மாட்டாள்.