மறைத்துப் பகிர்ந்த கடவுச்சொல் மறைந்தே இருக்குமா?

செம்மண்வீடு: சுங்கை சிப்புட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, தம்பி, கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் என ஆறு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். நெட்ஃபிளிக்ஸ், மின்சாரம், தண்ணீர், இணையம் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றன. பாதுகாப்பாகப் பகிர எந்தப் பாஸ்வர்டு மேனேஜரை எடுக்கலாம்?

தேவன்_கேஎல்: பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தை எடுங்கள், அது ஆறு பேருக்கானது, உங்கள் வீட்டுக்குச் சரியாகப் பொருந்தும். மருமகனுக்கு மட்டும் கடவுச்சொல்லை மறைத்துக் கொடுக்கும் அனுமதியைத் தேர்ந்தெடுங்கள். அவனால் உள்ளே நுழைய முடியுமே தவிர, கடவுச்சொல்லைப் பார்க்கவே முடியாது. நாளை அவன் வேறு ஊருக்குப் போனால் அனுமதியை எடுத்துவிட்டால் போதும், கடவுச்சொல்லை மாற்றக்கூட வேண்டியதில்லை. அலுவலகத்தில் இப்படித்தான் நான் நடத்துகிறேன்.

குமரன்_கணினிக்கடை: "பார்க்கவே முடியாது" என்ற அந்தச் சொல்லைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள், தேவன் அண்ணே. அந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் கடவுச்சொல்லை மாற்றாமல் இருந்துவிட்டால் அதன் விளைவு அவர்கள் தலையில்தான் விழும். மருமகன் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கிறான். பிட்வார்டன் கட்டத்தை நிரப்புகிறது. கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அவன் தொடுகிறான். கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் நிற்கிறது. கண் சின்னம் இல்லாத பக்கமாக இருந்தால், கணினி உலாவியில் F12 விசையை அழுத்தி, கன்சோலில் இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும்:

```
document.querySelector('input[type=password]').value
```

காரணம் எளியது. பகிர்ந்த கடவுச்சொல்லைப் பூட்டிலிருந்து பிரித்து எடுப்பது மருமகனுடைய கைப்பேசிதான். அதற்கான சாவியும் அவன் கணக்கில்தான் இருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் கட்டத்தை நிரப்பவே முடியாது. கைக்கு வந்துவிட்ட பொருளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவதுதான் அந்த மறைப்பு. பிட்வார்டனின் சொந்த உதவிப் பக்கமே, இந்த அனுமதி எளிதாக நகலெடுப்பதைத் தடுக்குமே தவிர முழுமையாகத் தடுக்காது என்று எழுதியிருக்கிறது.

தேவன்_கேஎல்: பதினெட்டு வயதுப் பிள்ளை F12 அழுத்திக் கன்சோலில் நிரல் எழுதுவான் என்று கடையில் உட்கார்ந்துகொண்டு கற்பனை செய்கிறீர்கள். கைப்பேசியில் F12 விசை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினித் துறையில் இருக்கிறேன். மறைத்துக் கொடுத்த ஒரு கடவுச்சொல்கூட என் அலுவலகத்தில் வெளியே போனதில்லை.

குமரன்_கணினிக்கடை: கைப்பேசியில் F12 வேண்டாம் என்பதற்காகத்தான் கண் சின்னத்தை முதலில் எழுதினேன், அதைப் படிக்காமல் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் வெளியே போகவில்லை என்றால், யாரும் எடுக்க விரும்பவில்லை என்றுதான் பொருள். எடுக்க முடியாது என்று பொருள் இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: கவனக்குறைவாக நகலெடுத்து நண்பர்கள் குழுவில் ஒட்டிவிடுவதை அந்த மறைப்பு குறைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சரஸ்வதி_டீச்சர்: தம்பிமார்களே, மறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் காலமான பிறகு, மின்சாரக் கணக்கும் இணையக் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்ததும், அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாததும் தெரிய வந்தது. கட்டணத்தை, வங்கி வழியாகப் பில் கட்டும் ஜோம்பே சேவையில் கணக்கு எண்ணைக் கொடுத்தே கட்டிவிட்டேன். அதற்கு அவருடைய கணக்குகளுக்குள் நுழையத் தேவைப்படவில்லை. ஆனால் இணையத் திட்டத்தை மாற்றுவதற்கு நான் இரண்டு மாதம் ஈப்போவுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். இப்போது எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது ஏன் போதாது என்று யாராவது விளக்குவீர்களா?

பாலன்_தாப்பா: டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊரான் சேவையகத்தில் நம் வீட்டுச் சாவியை ஏன் வைக்க வேண்டும்? 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வர்டு மேனேஜரிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களையே நகலெடுத்துக்கொண்டு போனார்களே, மறந்துவிட்டதா? கடவுச்சொற்களையெல்லாம் ஒரே கோப்பில் பூட்டி வைக்கும் கீபாஸ் செயலியில் கோப்பு ஒன்றை உருவாக்கி கூகல் டிரைவில் போட்டு ஆறு பேரும் திறந்துகொண்டால் முடிந்தது. இதைக் குமரனிடம் முன்பே சொன்னேன். அப்போதும் என்னை மட்டம் தட்டித்தான் எழுதினார்.

குமரன்_கணினிக்கடை: மட்டம் தட்டவில்லை, பாலன். உங்கள் கீபாஸ் கோப்பை ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் அது மிக நல்ல பெட்டி. ஆறு பேர் பயன்படுத்தும்போது, தம்பி ஒரு கைப்பேசியில் தண்ணீர்க் கட்டணக் கடவுச்சொல்லை மாற்றிச் சேமிக்க, அதே நேரத்தில் அம்மாவின் கைப்பேசியில் பழைய கோப்பு திறந்திருந்து அதுவும் சேமிக்கப்பட்டால், இரண்டில் ஒன்று மற்றதை அழிக்கலாம், அல்லது ஒரே பெயரில் இரண்டு பிரதிகள் உருவாகலாம். எது புதியது என்று அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுமட்டுமல்ல, ஒரே கோப்புக்கு ஒரே தலைமைக் கடவுச்சொல் என்றால், திரைப்படக் கணக்குக்காக உள்ளே வரும் மருமகன் எல்லாவற்றையும் பார்ப்பான்.

டீச்சர், உங்கள் நோட்டுப்புத்தகம் வீட்டில் ஒருவருக்குப் போதும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் போதாது, அவ்வளவுதான். உங்களுக்கு நேர்ந்ததற்கு வேறு வழியும் உண்டு. பிட்வார்டனில் கட்டணத் திட்டத்தில் இருப்பவர், உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே நம்பகமான ஒருவரை அவசர அணுகலுக்கு நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் கோரிக்கை விடுத்து, நாம் வைத்த காத்திருப்பு நாள்கள் மறுப்பின்றிக் கடந்தால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், தலைமைக் கடவுச்சொல் மறந்துபோன பெட்டகத்தை நிறுவனத்தாரும் திறந்து தர முடியாது. ஆகவே அப்பா தன் தலைமைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைக்கட்டும்.

ஆனாலும் மறைத்த கடவுச்சொல்லைப் பார்க்கலாம் என்பதை தேவன் அண்ணன் இன்னும் ஏற்கவில்லை.

தேவன்_கேஎல்: ஏற்க மாட்டேன். கண் சின்னம் திரைப்படச் சேவையின் பக்கத்தில் இருக்கிறது. அது பிட்வார்டனின் குறை இல்லை. நீங்கள் பக்கத்தின் குறையை மேனேஜரின் மேல் சுமத்துகிறீர்கள்.

குமரன்_கணினிக்கடை: யாருடைய குறை என்பது வழக்குமன்றத்துக்கான கேள்வி. செம்மண்வீடு கேட்டது தன் கடவுச்சொல் பாதுகாப்பாக இருக்குமா என்பது. இன்னொன்றையும் பாருங்கள்: வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நுழைய ரிமோட்டால் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டிய நிலை வந்தால், மறைத்துக் கொடுக்கப்பட்டவன் எதைப் பார்த்துத் தட்டுவான்? வீட்டிலுள்ள வேறு ஒருவரிடம் கேட்பான். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். மகளின் மணவாழ்க்கை முறிந்து, மருமகன் வீட்டைவிட்டுப் போனார். குடும்பத் தலைவர் பதற்றத்தில் திரைப்படக் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றி, புதியதைப் பிட்வார்டனில் குடும்பத்தோடு பகிர்ந்த கடவுச்சொல் தொகுப்பில் சேமித்தார்; மறுநாள்தான் மருமகனைத் தொகுப்பிலிருந்து நீக்கினார். இடையில் இருந்த அந்த ஒரு இரவில் மருமகனின் கைப்பேசி ஒத்திசைந்து புதிய கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, தொடர்ந்து பார்க்கும் பட்டியலில் வீட்டில் யாரும் பார்க்காத படங்கள் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஆளைத் தொகுப்பிலிருந்து நீக்குங்கள். பிறகு அந்தந்தச் சேவையின் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றும்போதே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தேர்வையும் குறியிடுங்கள். நீக்கப்பட்டவரின் கைப்பேசி இணையமின்றி இருந்தால், பழைய பிரதி அடுத்த ஒத்திசைவு வரை அதிலேயே இருக்கும். கடவுச்சொல்லை மாற்றத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரஸ்வதி_டீச்சர்: நெட்ஃபிளிக்ஸ் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தானே? கல்லூரிப் பிள்ளை விடுதிக்குப் போனால் கணக்கே நின்றுவிடும் என்று என் பேரன் சொன்னான். அப்படியானால் இந்தச் சண்டையே தேவையில்லையே.

பாலன்_தாப்பா: டீச்சர், அது விதிமுறைப் பேச்சு. சரிபார்ப்புக் குறியீட்டை அப்பாவிடம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே பார்ப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

குமரன்_கணினிக்கடை: ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று டீச்சர் சொல்வது சரி, ஆனால் கணக்கே நின்றுவிடாது. 2023 முதல் அந்த விதி கடுமையாக்கப்பட்டிருக்கிறது. பாலன் சொன்னதிலும் ஒரு நல்ல குறிப்பு ஒளிந்திருக்கிறது: குறியீடு அப்பாவின் கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வருகிறது. அந்த மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறதோ அவரே கடவுச்சொல்லை மீட்டமைக்கலாம். எனவே மின்னஞ்சலின் கடவுச்சொல்லைப் பகிர்ந்த தொகுப்பில் போடவே கூடாது. வங்கிக் கணக்கும் அப்படியே. செம்மண்வீடு இரண்டு தொகுப்புகள் வைக்கட்டும்: மின்சாரம், தண்ணீர், இணையம் ஆகியவை பெரியவர்கள் ஐவருக்கும், திரைப்படம் ஆறு பேருக்கும். மருமகனிடமிருந்து எதையும் மறைக்க வேண்டாம். அவனுக்குக் கொடுக்காததை அவனால் பார்க்க முடியாது.

செம்மண்வீடு: நேற்று இரவு மருமகனையே உட்கார வைத்துச் சோதித்தேன். தேவன் அண்ணன் சொன்ன அனுமதியோடு கொடுத்தேன். பிட்வார்டன் செயலியில் கடவுச்சொல் தெரியவில்லை. உள்நுழைவுப் பக்கத்தில் அவன் கண் சின்னத்தைத் தொட்ட ஐந்தாவது நொடியில் என்னிடம் படித்துக் காட்டினான். கூகல், ஆப்பிள் சாதனங்களிலேயே இருக்கும் பகிர்வைப் பயன்படுத்தலாமா என்று தம்பி கேட்கிறான். எங்கள் வீட்டில் நான்கு ஆண்ட்ராய்டும் இரண்டு ஐஃபோனும் இருக்கின்றன.

குமரன்_கணினிக்கடை: கலந்த வீட்டுக்கு இரண்டும் பொருந்தாது. கூகலில் குடும்பக் குழுவினருக்குப் போவது ஒரு நகல். நீங்கள் பிறகு மாற்றினால் மீண்டும் பகிர வேண்டும். ஆப்பிளின் பகிர்ந்த குழு, மாற்றத்தைத் தானே சேர்ப்பிக்கும், ஆனால் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அதில் இடமில்லை. பிட்வார்டனே போதும், அந்த மறைப்பு அனுமதியை மட்டும் மறந்துவிடுங்கள்.

தேவன்_கேஎல்: ஐந்தாவது நொடியில் படித்துக் காட்டியது, மாமா பக்கத்தில் உட்கார்ந்து "பார்" என்று சொன்னதால். யாரும் சொல்லாமல் எத்தனை பிள்ளைகள் அதைத் தொடுவார்கள்? என் நிலைப்பாடு மாறவில்லை. மறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

குமரன்_கணினிக்கடை: மறைத்துக் கொடுங்கள், தடையில்லை. ஆனால் அவன் போகும் நாளில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை என்று நீங்கள் எழுதிய வரி இன்னும் மேலே அப்படியே நிற்கிறது. அதை நீக்கும்வரை நானும் எழுதுவேன்.

தேவன்_கேஎல்: நிற்கட்டும்.