லீவு நீட்டிப்புக் கடிதம் எப்படி எழுதுவது? மெடிக்கல் முடியவில்லை, அவசரம்

தண்டையார்பேட்டை77
வணக்கம். பர்மிட் புதுப்பிக்க லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மெடிக்கல் இன்னும் முடியவில்லை. எக்ஸ்ரேயை மறுபடியும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். 60 நாள் லீவில் 41 நாள் போய்விட்டது. கம்பெனிக்கு லீவு நீட்டிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். யாராவது மாதிரி தர முடியுமா? இன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

எண்ணூர்க் காற்று
எந்த நாடு என்று சொல்லவில்லையே?

விதிமுறை வாசகன்
இதே கேள்வி இங்கே மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: பணியாளர் எண், முதலில் தந்த லீவின் கடைசித் தேதி, எத்தனை நாள் கூடுதலாக வேண்டும். மருத்துவமனைச் சீட்டை இணையுங்கள். குடும்பக் கதையை எழுதாதீர்கள், அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை.

கடலோடி ராயபுரம்
தம்பி, பதற்றப்படாதே. மெடிக்கல் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். பயணத்தின் நடுவில் முடிந்துபோனால்கூட அடுத்த துறைமுகம் வரை, அதிகபட்சம் மூன்று மாதம் விடுவார்கள். நான் அப்படி ஒரு முறை ஓட்டியிருக்கிறேன்.

எண்ணூர்க் காற்று
அண்ணே, அது கப்பல்காரர்களுக்கு. இவர் கப்பலில் வேலை செய்வதாகச் சொல்லவில்லை.

கடலோடி ராயபுரம்
தண்டையார்பேட்டை என்றதும் நம் ஆள் என்று நினைத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை77
மன்னிக்கவும், சவூதி. தம்மாம் பக்கம் ஏசி டெக்னீஷியன். ஆறு வருடம் முடிந்துவிட்டது. மாதிரிக் கடிதத்தை யாராவது போடுங்கள்.

தம்மாம் பழையவர்
கடிதம் இருக்கட்டும். எனக்கு ஒன்று இடிக்கிறது. இகாமா என்கிற அந்தக் குடியிருப்பு பர்மிட்டைப் புதுப்பிக்க ஊரில் மெடிக்கல் எடுக்கச் சொன்னது யார்? இகாமாவைக் கம்பெனி அங்கேயே, கம்ப்யூட்டரில், பணம் கட்டிப் புதுப்பிக்கும். நான் பதினேழு வருடம் அங்கே இருந்தேன். லீவில் வந்துபோன ஒரு முறையும் எந்த சென்டரிலும் எக்ஸ்ரேவுக்கு நின்றதில்லை. ஊரில் மெடிக்கல் எடுப்பது புது விசாவுக்குப் போகிறவன்தான்.

எந்த மெடிக்கல் எடுக்கிறீர்கள்? வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கான வாஃபித் சீட்டா?

எண்ணூர்க் காற்று
எனக்கும் இது நடந்தது. எக்ஸ்ரேயில் பழைய தழும்பு. ஆனால் கண்டிஷனல் ஃபிட் கொடுத்து விசாவைப் புதுப்பித்துவிட்டார்கள். நடுநடுவே பரிசோதனைக்குப் போய்வந்தேன், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

தம்மாம் பழையவர்
நீங்கள் துபாய்தானே? அங்கே ஏற்கெனவே குடியிருப்பு விசா வைத்திருப்பவருக்கு, அங்கேயே எடுக்கும் மெடிக்கலில் அந்தச் சலுகை உண்டு. இவர் நிற்பது சென்னையில், சவூதிக்காக. இரண்டையும் குழப்பினால் இவருக்குத்தான் நஷ்டம்.

தண்டையார்பேட்டை77
ஆமாம், வாஃபித். ஏஜென்ட்தான் சீட்டு எடுத்துத் தந்தார். கம்பெனி டைம்கீப்பர் "லீவில் போ, மெடிக்கல் முடித்துவிட்டு வா, பர்மிட் புதிதாகிவிடும்" என்றார். ஏர்போர்ட் போகும்போது கொடுத்த பேப்பரில் 60 என்று போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் அரபி.

தம்மாம் பழையவர்
அந்தப் பேப்பரை எடுங்கள். பெயருக்கு மேலே, தலைப்பு மாதிரி ஒரு வரி இருக்கும். அரபி படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டி இரண்டே வார்த்தை மட்டும் கேளுங்கள். "குரூஜ் வ அவ்தா" என்று படித்தால் போய்த் திரும்பும் விசா. "குரூஜ் நிஹாயி" என்று படித்தால் ஃபைனல் எக்ஸிட்.

போய்த் திரும்பும் விசா என்றால் எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கும். ஃபைனல் எக்ஸிட்டில் திரும்பும் தேதியே இருக்காது. அதற்கும் ஒரு 60 நாள் உண்டு, ஆனால் அது லீவு அல்ல. விசா அடித்த நாளிலிருந்து நாட்டை விட்டு வெளியேறக் கொடுக்கும் கெடு. உங்கள் 60 இந்த 60 ஆக இருக்குமோ என்றுதான் பயப்படுகிறேன்.

விதிமுறை வாசகன்
ஆறு வருடம் வேலை பார்த்தவருக்குத் தன் கையில் இருக்கும் காகிதம் என்னவென்று தெரியாதா? இங்கே கேட்பவர்கள் முதலில் தங்கள் ஆவணத்தைப் படிக்கப் பழக வேண்டும்.

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
ஐயா, உங்களுக்கு அரபி தெரியுமா?

விதிமுறை வாசகன்
அது இங்கே கேள்வி அல்ல.

தண்டையார்பேட்டை77
மண்ணடியில் எங்கள் பழைய கடைக்காரர் பாயிடம் காட்டினேன். நிஹாயி என்று படித்தார். இரண்டு முறை படிக்கச் சொன்னேன், இரண்டு முறையும் அதையேதான் படித்தார். தேதி எதுவும் இல்லை. ஆனால் டைம்கீப்பர் லீவு என்றுதானே சொன்னார்? லீவுச் சம்பளம் என்று 2,100 ரியால்கூட கணக்கில் போட்டார்களே?

தம்மாம் பழையவர்
தம்பி, அப்படியானால் லீவு நீட்டிப்புக் கடிதத்துக்கு வேலையே இல்லை. போய்த் திரும்பும் விசாவாக இருந்தால், இகாமா உயிரோடு இருக்கும்வரை, நீங்கள் ஊரில் இருக்கும்போதே கம்பெனி நீட்டித்துக் கொடுத்திருக்கலாம். ஃபைனல் எக்ஸிட்டில் வெளியே வந்துவிட்டால் நீட்டிக்க எதுவும் மிச்சமில்லை. இகாமா அதோடு முடிந்தது. இப்போது உங்களைப் புது ஆளாகப் புது விசாவில் எடுக்கப்பார்க்கிறார்கள். அதனால்தான் மெடிக்கல். எதற்கும் muqeem.sa தளத்தில் விசா செல்லுபடியைச் சரிபார்க்கும் பக்கத்தில் ஒரு முறை பாருங்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்றால், ஆறு வருடக் கணக்கு முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் சம்பளம் எவ்வளவு? வரும்போது எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

தண்டையார்பேட்டை77
அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 1,800. மூன்று கையெழுத்து, ஒரு கட்டைவிரல் ரேகை. ஏர்போர்ட் வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, படிக்கவில்லை.

தம்மாம் பழையவர்
சவூதி தொழிலாளர் சட்டத்தில் வேலை முடிந்தால் கொடுக்க வேண்டிய தொகை இப்படி: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். உங்களுக்கு ஐந்து தொள்ளாயிரம் 4,500, ஆறாவது வருடத்துக்கு 1,800. மொத்தம் 6,300 ரியால்.

நீங்களே ராஜினாமா செய்ததாகக் காகிதம் இருந்தால், ஐந்து முதல் பத்து வருடம் வரை வேலை பார்த்தவருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது 4,200. அந்த மூன்று கையெழுத்தில் ஒன்று ராஜினாமாவா என்பதில் 2,100 ரியால் தொங்குகிறது. கணக்கில் விழுந்த 2,100 லீவுச் சம்பளமா, இந்தப் பணத்தில் ஒரு பகுதியா என்பதும் அந்தக் காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வழக்குப் போடுவதென்றால் வேலை முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போட வேண்டும். ஊரிலிருந்தபடியே madad.gov.in தளத்தில் ரியாத் தூதரகத்துக்குப் புகார் பதியலாம். கம்பெனியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மாதவரம் மணி
பணம் பிறகு. முதலில் எக்ஸ்ரே பாஸாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரை தருகிறார். பதினைந்து நாள் சாப்பிட்டால் நெஞ்சு சுத்தமாகிவிடும். பலர் போயிருக்கிறார்கள். எக்ஸ்ரே அன்று காலையில் பால் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்.

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
பால் போவது வயிற்றுக்கு. எக்ஸ்ரே எடுப்பது நுரையீரலை. தழும்பு என்பது ஆறிய புண்ணின் அடையாளம், மாத்திரையில் கரையாது. முழங்காலில் சின்ன வயதில் விழுந்த தழும்பு மாத்திரைக்குப் போய்விடுமா?

மாதவரம் மணி
அப்படியென்றால் அவர்கள் எப்படிப் பாஸானார்கள்?

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
அவர்களுக்குத் தழும்பே இருந்திருக்காது. சளி பிடித்து நிழல் தெரிந்திருக்கும். பதினைந்து நாளில் அது தானாகப் போய்விட்டது, பெயர் மாத்திரைக்கு.

மாதவரம் மணி
நர்ஸ் என்றால் எல்லாம் தெரியுமா? எங்கள் தெருவில் மூன்று பேர்.

விதிமுறை வாசகன்
இழை திசை மாறுகிறது. மாத்திரைப் பேச்சை நிறுத்துங்கள்.

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
தண்டையார்பேட்டைத் தம்பி, உங்களிடம் கேட்கிறேன். சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டீர்களா? நிழல் எந்தப் பக்கம் என்று சொன்னார்கள்?

தண்டையார்பேட்டை77
ஒன்பதாவது படிக்கும்போது ஓட்டேரி ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், அக்கா. முழுதாகச் சரியாகிவிட்டது என்றார்கள். ஃபிலிமை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். வலது காறை எலும்புக்குக் கீழே பஞ்சுப் பிசிறு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் போனபோது யாரும் எதுவும் சொல்லவில்லையே?

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
நுரையீரலின் மேல் பகுதி. பழைய காசநோய் பெரும்பாலும் அங்கேதான் அடையாளம் விடும். முதல் முறை படம் பார்த்தவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம், அது சாதாரணமாக நடப்பதுதான்.

இருந்தாலும் பழையதுதான் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஃபிலிமோடு ஸ்டான்லி நெஞ்சகப் பிரிவுக்குப் போங்கள். சளியில் சிபிநாட் என்கிற காசநோய்க் கிருமிப் பரிசோதனை செய்தால் முடிவு சில மணி நேரத்தில் கிடைக்கும். கல்ச்சர் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அந்தக் கிருமி மெதுவாக வளரும். எல்லாம் இலவசம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நோய் இல்லை என்று ஸ்டான்லியில் எழுதிக் கொடுத்தாலும், வளைகுடா விதியில் பழைய தழும்பே அன்ஃபிட்டுக்குப் போதும். வேறு சென்டர் போனாலும் முடிவுகள் ஒரே கணினி அமைப்பில்தான் ஏறுகின்றன.

எண்ணூர்க் காற்று
இது அநியாயம். நோய் குணமானவனை எதற்குத் தடுக்க வேண்டும்?

தம்மாம் பழையவர்
நியாயம் பேச இடம் இல்லை. ஆனால் பாருங்கள், போய்த் திரும்பும் விசாவில் வந்திருந்தால் இந்த எக்ஸ்ரேயே எடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டார். தம்பி, ஆங்கிலக் கடிதம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், ஆனால் லீவு கேட்டு அல்ல. கையெழுத்திட்ட காகிதங்களின் நகலும் கணக்கு விவரமும் கேட்டு. மெடிக்கல் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தண்டையார்பேட்டை77
முகீமில் பார்த்தேன். திரும்பும் விசா எதுவும் இல்லை. டைம்கீப்பர் போனை எடுத்தார். "மெடிக்கல் பாஸ் செய், விசா வரும்" என்று வைத்துவிட்டார். நாளை காலை ஸ்டான்லி. கடிதம் எழுதிக் கொடுங்கள் அண்ணே.

தம்மாம் பழையவர்
தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இகாமா எண்ணையும் நீங்கள் வெளியேறிய தேதியையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் நம்பர் மாறியது என்பார்கள்.

வார்டு நர்ஸ் வியாசர்பாடி
ஸ்டான்லியில் என்ன சொன்னார்கள் தம்பி?

தம்மாம் பழையவர்
நான்கு நாள் ஆகிவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்ததா?

கொருக்குப்பேட்டைக்காரன்
இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மச்சான் கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அவன் பேப்பரிலும் அரபிதான். மண்ணடியில் அந்தப் பாய் கடை எந்தத் தெருவில் இருக்கிறது?