பூஜ்ஜியங்களைக் கடைசிக்குத் தள்ளணும், மற்ற எண்களின் வரிசை மாறக்கூடாது: ஈஈப்ராமில் எழுதுவதை எவ்வளவு குறைக்கலாம்?

தேக்கா_தீபா
வணக்கம். உணவங்காடிக் கடை ஒன்றுக்கு ஆர்டர் எண் பலகை செய்கிறேன் (பாலிடெக்னிக் ப்ராஜெக்ட்). அர்டுயினோ ஊனோ. மின்சாரம் போனாலும் எண்கள் தங்கணும் என்பதால் ஈஈப்ராமில் 40 இடம், ஓர் இடத்துக்கு ஒரு பைட். சாப்பாடு கொடுத்தாகிவிட்டால் அந்த இடத்தில் 0. பிறகு பூஜ்ஜியங்களைப் பின்னால் தள்ளி மற்றவற்றை முன்னே நெருக்குகிறேன். எண்கள் 1 முதல் 99 வரை போய் மறுபடி 1-இலிருந்து தொடங்கும்.

இப்போது இருப்பது இடமாற்று முறை:

```cpp
int w = 0;
for (int r = 0; r < N; r++)
  if (EEPROM.read(r) != 0) swapCells(w++, r);
```

பலகை நிறைந்திருக்கும்போது முதல் எண் போனால் கால் விநாடி உறைந்துவிடுகிறது, அந்த நேரத்தில் பட்டனை அழுத்தினால் பதிவாவதில்லை. ஈஈப்ராமுக்கு ஆயுளும் இருக்கிறதே. மிகக் குறைவாக எழுத வழி என்ன?

பைதான்_பித்தன்
இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஒரே வரி:

```python
a.sort(reverse=True)
```

பூஜ்ஜியம் தானாகக் கடைசிக்குப் போய்விடும்.

கம்பி_வேலை
தம்பி, அது வரிசையைக் கெடுத்துவிடும். 98, 99, 1, 2 என்று நால்வர் நின்றால் 99-க்காரர் முன்னால் வந்துவிடுவார், 1-க்காரர் கடைசிக்குப் போய்விடுவார். அவர் கேட்பது ஊனோவுக்கு, பைதான் அங்கே ஓடாது.

தீபா, `swapCells` உள்ளே `EEPROM.write` இருக்கிறதா? அதை `EEPROM.update` என்று மாற்றுங்கள். இருக்கும் மதிப்பும் புது மதிப்பும் ஒன்றானால் அது எழுதாது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

சிராங்கூன்_சில்லு
கம்பி சொல்வதில் பாதி சரி. சின்ன உதாரணத்தில் எண்ணிப் பார்த்துவிடுவோம். 10 இடம், 0-இலிருந்து எண்ணுகிறேன்:

```
41 42  0 44  0 46 47  0  0  0
```

வரவேண்டியது:

```
41 42 44 46 47  0  0  0  0  0
```

இரண்டையும் மேலும் கீழுமாக ஒப்பிட்டால் மாறியிருப்பவை 2, 3, 4, 5, 6 ஆகிய ஐந்து இடங்கள். மதிப்பு மாறவேண்டிய இடத்தில் ஒரு தடவையாவது எழுதித்தான் ஆகணும். ஆகவே எந்த வித்தை செய்தாலும் 5-க்குக் கீழே போக முடியாது. இதுதான் அடித்தளம்.

இப்போது உங்கள் முறை. ஐந்து எண்ணுக்கும் இடமாற்று நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, அதாவது இரண்டு தடவை எழுதுவது, மொத்தம் 10. 41-ம் 42-ம் தம்மோடு தாமே மாறிக்கொள்வதால் நான்கு வீண். `update` போட்டால் அந்த நான்கும் போய் 6 ஆகும். ஆனால் 5 ஆகாது. ஏன் என்றால் இடம் 3-ஐக் கவனியுங்கள்: 44 முன்னே போனதும் அங்கே 0 எழுதப்படுகிறது, அடுத்த சுற்றில் அதே இடத்தில் 46 எழுதப்படுகிறது. 44-இலிருந்து 0, 0-இலிருந்து 46: இரண்டும் நிஜமான மாற்றம், `update`-ஆல் தடுக்க முடியாது. பலகை நிறைந்து முதல் எண் மட்டும் போகும்போது இந்த வீண் உச்சத்துக்குப் போகிறது. 39 இடமாற்று, 78 எழுத்து. ஓர் எழுத்துக்கு 3.3 மில்லிவிநாடி வைத்தால் 257. உங்கள் கால் விநாடி அதுதான்.

ஆகவே இடையில் 0 போடவே வேண்டாம். முதலில் எண்களை மட்டும் முன்னே நகலெடுங்கள், மிச்ச இடத்தில் கடைசியாக ஒரே மூச்சில் 0 நிரப்புங்கள்:

```cpp
int w = 0;
for (int r = 0; r < N; r++) {
  byte v = EEPROM.read(r);
  if (v != 0) EEPROM.update(w++, v);
}
while (w < N) EEPROM.update(w++, 0);
```

இது சரியாக அந்த 5-ஐத் தொடுகிறது. `w` எப்போதும் `r`-ஐத் தாண்டாது என்பதால், ஓர் இடத்தில் எழுதப் போகும்போது அங்கே பழைய மதிப்பு அப்படியே இருக்கும். அதனால் `update` ஒப்பிடுவது ஆரம்ப மதிப்பையும் இறுதி மதிப்பையும்தான். நிறைந்த பலகைக்கு 78-க்குப் பதில் 40 எழுத்து.

புதுச் சில்லில் ஈஈப்ராம் இடங்கள் 255 என்றுதான் படிக்கும், 0 அல்ல. முதல் தடவை எல்லா இடத்திலும் 0 போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 255-ஐயும் ஆர்டர் எண் என்று நினைத்து முன்னே இழுத்துவிடும்.

ஜூரோங்_ஜாவா
நேர்காணலுக்கு LeetCode 283 பார்த்துக்கொண்டிருக்கிறேன். C++-இல் `std::remove` போட்டு மீதியை `std::fill` செய்தால் இதே கணக்குத்தானே?

சிராங்கூன்_சில்லு
கிட்டத்தட்ட. `std::remove` முதல் பூஜ்ஜியம் வரும்வரை எதையும் தொடாது, அதனால் நகல் 3 மட்டும். ஆனால் `std::fill` ஏற்கெனவே 0 இருக்கும் இடத்திலும் 0 எழுதும், அது 5. மொத்தம் 8. சாதாரண நினைவகத்தில் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். எழுத்தை எண்ணச் சொன்னால் மட்டும் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

கம்பி_வேலை
இடம் 3 கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை எண் இருக்கிறது என்று ஒரு பைட்டில் வைத்துக்கொண்டால் கடைசியில் 0 நிரப்பவே வேண்டாமே?

சிராங்கூன்_சில்லு
எழுத்து குறையும், ஆனால் அந்த எண்ணிக்கை பைட் ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறும். முதலில் தேய்வது அதுதான்.

உண்மையில் தீபாவுக்கு ஆயுளைத் தின்பது வேறு. வரிசையில் நிற்பவர்களில் முதல் ஆள்தான் பெரும்பாலும் முதலில் போவார். பூஜ்ஜியம் முன்னால் விழுவதால் எல்லாமே நகரும். நாளுக்கு 500 ஆர்டர், வரிசை ஒருபோதும் காலியாகாது என்று வையுங்கள். இடம் 0-இல் ஒவ்வொரு ஆர்டருக்கும் 0 போட ஒன்று, நெருக்க ஒன்று: நாளுக்கு 1000. சில்லுக்கு உத்தரவாதம் 100,000 தடவை. 100 நாளில் தீர்ந்தது.

நான்கு பூஜ்ஜியம் சேர்ந்தபின் நெருக்கினால் அதே இடத்துக்கு நான்கு ஆர்டருக்கு இரண்டு எழுத்துத்தான், 400 நாள். 40 இடமும் நிறைந்திருக்க முன்னால் நால்வர் போனால், தனித்தனியாக நெருக்க 40+39+38+37, மொத்தம் 154 எழுத்து. சேர்த்து நெருக்க 40. திரையில் காட்டும்போது 0-ஐத் தாண்டிக் காட்டினால் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

தேக்கா_தீபா
மிக்க நன்றி. மாற்றிவிட்டேன், உறைவது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: நெருக்கும்போது பாதியில் மின்சாரம் போனால்?

சிராங்கூன்_சில்லு
நகல் முடிந்து 0 நிரப்புமுன் போனால் இப்படி நிற்கும்:

```
41 42 44 46 47 46 47  0  0  0
```

எண் தொலையாது, இரட்டிக்கும். தொடங்கும்போது ஒரே எண் இரண்டு தடவை வந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை 0 ஆக்குங்கள், பிறகு நெருக்குங்கள். வரிசையும் கெடாது. 99-க்குப் பிறகு எண் திரும்பும்போது பழைய ஆர்டர் இன்னும் நிற்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 40 இடம்தான் என்றாலும் ஒருவர் எண்ணை வாங்கிக்கொண்டு வராமலே போனால் அது நடக்கும். அப்படி நிற்கும் எண்ணைத் தாண்டி அடுத்ததைக் கொடுக்கணும்.

எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு பைட்டே அரைகுறையாக நின்றால் இந்த வழி பிடிக்காது.

கம்பி_வேலை
அதற்கு நெருக்காமலே வட்டமாகச் சுற்றலாம். எழுத்து 40 இடத்துக்கும் பரவும், நாளுக்கு ஓர் இடத்தில் 25 தான்.

தேக்கா_தீபா
சரி, ஆனால் மின்சாரம் திரும்பியதும் வட்டம் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவிலும் பூஜ்ஜியங்கள் இருக்குமே.