வைஃபை 6 ரவுட்டர் வந்தால் பழைய லேப்டாப் வேகமாகுமா?

செந்தில்: வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர். போனில் 180 வருகிறது. 2016-ல் வாங்கிய லேப்டாப்பில் 40-ஐத் தாண்டுவதில்லை. வைஃபை 6 ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

கவிதா: தாராளமாக வாங்குங்கள். நாங்கள் மாற்றியதும் என் பழைய போனே மூன்று மடங்கு வேகமாகிவிட்டது.

வயர்மேன்: கவிதா மேடம், உங்கள் பழைய ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருந்ததா? அப்படியென்றால் வேகம் கொடுத்தது 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டு அலைவரிசையும் உள்ள வைஃபை 5 ரவுட்டரே அதைச் செய்திருக்கும்.

செந்தில், உங்கள் போனுக்கு 180 வருவதால் ரவுட்டர் மேல் எனக்குச் சந்தேகமில்லை. லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இவற்றை அடித்துப் பாருங்கள்:

```
netsh wlan show interfaces
netsh wlan show drivers
```

செந்தில்: Channel 6, Receive rate 72. Radio types supported என்ற இடத்தில் 802.11b, 802.11g, 802.11n மட்டும் இருக்கிறது.

வயர்மேன்: அவ்வளவுதான் விஷயம். ஒரே ஆன்டெனாவில் இயங்கும், 2.4 மட்டுமே தெரிந்த கார்டு. அந்த 72 காற்றில் போகும் கணக்கு. கையில் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல், அதுதான் உங்கள் 40. ரவுட்டர் வைஃபை 7 ஆகவே இருந்தாலும் இந்தக் கார்டிடம் அதன் பழைய மொழியில்தான் பேசும்.

முருகேசன்: தம்பி, வேகத்தை விடுங்கள். நான் புது ரவுட்டர் மாட்டியதும் என் லேப்டாப்பில் வைஃபை பெயரே தெரியவில்லை! பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது.

வயர்மேன்: சில பழைய இன்டெல் கார்டுகளில் இப்படி வரும் அண்ணே. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். அதற்குள் அவசரமென்றால் ரவுட்டர் செட்டிங்கில் 2.4-க்கு ax என்ற வைஃபை 6 முறையை அணைத்து வையுங்கள். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு முறையில் WPA3 மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், WPA2-வையும் சேர்த்துவிட வேண்டும்.

கவிதா: ஆனாலும் ஒன்று. புது போன்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டால், காற்றில் பழைய கருவிக்கு அதிக நேரம் கிடைக்குமே?

வயர்மேன்: கிடைக்கும், மறுக்கவில்லை. ஒரே அலைவரிசையில் புதுக் கருவிகள் நிறைய நெரிந்தால்தான் அது தெரியும். செந்தில் வீட்டில் போன் 5-இல், லேப்டாப் 2.4-இல். யார் யாருக்கு வழிவிடுவது?

கவிதா: எங்கள் வீட்டில் டிவி, கேமரா, பல்பு எல்லாமே 2.4-இல்தான். எல்லார் வீட்டையும் ஒரே கணக்கில் அடக்காதீர்கள்.

வயர்மேன்: அந்தக் கேமராவும் பல்பும் வைஃபை 4 ஆகவே இருந்தால் புது ரவுட்டரால் அங்கேயும் பெரிதாக மாறாது. எவை எந்த வகை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பேசுவோம்.

செந்தில்: அப்போது எனக்கு என்ன வழி?

வயர்மேன்: லேன் போர்ட் இருந்தால் கேபிள். அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தாலும் 90-க்கு மேல் வரும். இல்லையென்றால் யுஎஸ்பி 3 போர்ட்டில் இரட்டை அலைவரிசை அடாப்டர். உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாம், ஆனால் சில கம்பெனி லேப்டாப்புகள் வேறு கார்டை ஏற்காது.

செந்தில்: மேஜை ரவுட்டருக்குப் பக்கத்தில்தான். முதலில் கேபிள் போட்டுப் பார்க்கிறேன்.